கர்ப்ப காலத்தில் நடையும் பயிற்சியும் தொடர்பவர்களின் உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இப்போது 9 வாரம். தினமும் 40 நிமிடம் வேகமாக நடக்கிறேன். இப்போதிலிருந்தே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கூடுதல் கலோரி என்று தனியாக எதுவும் தேவைப்படாது. 12 வாரம் முடியும்போதுகூட குழந்தை உங்கள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதற்கு வேண்டியது உங்கள் வழக்கமான சாப்பாட்டிலிருந்தே கிடைத்துவிடும். நான்காம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 340 கலோரியும், கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 கலோரியும் கூடினால் போதும். இது ஒரே குழந்தையைச் சுமப்பவர்களில், கர்ப்பத்துக்கு முன் எடை சரியாக இருந்தவர்களுக்கு உள்ள கணக்கு. இரட்டைக் குழந்தை என்றால் இது பொருந்தாது.

340 கலோரி என்றால் எவ்வளவு என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு பெரிய டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், உள்ளங்கையில் அரைப்பிடி பருப்பு வகைக் கொட்டைகள், அவ்வளவுதான். கடைசி மாதங்களில் இதோடு ஒரு வேகவைத்த முட்டையும் இன்னும் கொஞ்சம் பழமும் சேர்த்தால் 450 வந்துவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டை இரட்டிப்பாக்கினால் இதைத் தாண்டிப் போய்விடுவோம்.

நடப்பதில் கலோரி செலவாகிறதே, அதற்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தவர் என்றால், அந்த நடைக்கான சாப்பாட்டை நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் வழக்கமான பசியிலேயே அது அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன 340 அதன் மேல் வருவது. நடையை இரண்டாவது தடவையும் கணக்கில் எடுக்கக் கூடாது.

கர்ப்பத்தில்தான் புதிதாக நடக்க ஆரம்பித்தீர்கள் என்றால் கொஞ்சம் சேர்க்க வேண்டும். 63 கிலோ எடையுள்ள ஒருவர் 45 நிமிடம் வேகமாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறக்குறைய 140 கலோரி கூடுதலாகச் செலவாகும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 700. நாள் கணக்கில் பார்த்தால் 100 கலோரி, அதாவது ஒரு வாழைப்பழம். நடந்து வந்தோமே என்று ஒரு தட்டு நிறைய இனிப்பு சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பயிற்சி செய்வதால் குழந்தைக்குப் போதாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

எடைதான் நேரான சாட்சி. கர்ப்பத்துக்கு முன் உங்கள் உடல் நிறை குறியீட்டெண் 18.5 முதல் 24.9 வரை இருந்தால், மொத்தக் கர்ப்பத்திலும் 11.5 முதல் 16 கிலோ வரை கூடுவது சரியான அளவு. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு 12.5 முதல் 18 கிலோ, 25 முதல் 29.9 வரை இருந்தவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோ, 30க்கு மேல் இருந்தவர்களுக்கு 5 முதல் 9 கிலோ. சரியான எடையில் தொடங்கியவருக்கு நான்காம் மாதத்துக்குப் பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் கூட வேண்டும்.

தினமும் எடை பார்க்காதீர்கள், அது மனத்தைக் குழப்பும். வாரத்தில் ஒரே நாள், காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். நான்காம் மாதத்துக்குப் பிறகு மூன்று வாரம் தொடர்ந்து முள் அசையாமல் நின்றால் சாப்பாடு போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ராத்திரி பசியில் விழிப்பு வருவது, நேற்று எளிதாக முடிந்த நடை இன்று பாதியிலேயே கனப்பது, இவையும் அதே கதையைத்தான் சொல்லும். அப்போது முதலில் நடையைக் குறைக்காதீர்கள், சாப்பாட்டைக் கூட்டுங்கள். அதன் பிறகும் எடை ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தையின் வளர்ச்சியை அவர்கள் அளந்து பார்ப்பார்கள்.

காலையில் வெறும் வயிற்றில் நடந்தால் தலை சுற்றுகிறது. நடையை விட்டுவிடவா?

விட வேண்டாம், வெறும் வயிற்றை விடுங்கள். கர்ப்பத்தில், முக்கியமாகப் பின்பாதியில், ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கும். அதன் மேல் 45 நிமிடம் நடந்தால் கண் இருட்டத்தான் செய்யும். கிளம்புவதற்கு அரைமணி முன்னால் ஒரு பழமோ, ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். முழுச் சாப்பாட்டைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் என்பதுதான் சிக்கலில்லாத கர்ப்பத்தில் மருத்துவர்கள் சொல்லும் அளவு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் நடைக்கு முன் என்ன சாப்பிடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

எனக்கு 6 வாரத்தில்தான் கர்ப்பம் என்றே தெரிந்தது. ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு முன் போடவில்லை. தாமதமாகிவிட்டதா?

இன்றைக்கே ஆரம்பியுங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாயாகத்தான் உருவாகத் தொடங்குகின்றன. கரு உண்டாகி 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடும். மாதவிலக்குக் கணக்கில் அது ஏறக்குறைய 6 வாரம். அதாவது, பலர் பரிசோதனை செய்து பார்க்கும் நேரத்தில் அந்த வேலை முடிந்துகொண்டிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னால், தினமும் 400 மைக்ரோகிராம் போடச் சொல்வது அதனால்தான். 1991இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, முன்பு தண்டுவடக் குறையுள்ள குழந்தை பிறந்த பெண்களிடம் ஃபோலிக் அமிலம் அந்தக் குறை திரும்ப வருவதைப் பெருமளவு தடுத்தது என்று காட்டியது.

உங்களைப் போலத் தெரியாமல் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்லபடியாகத்தான் குழந்தை பிறக்கிறது. உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 12 வாரம் வரை தினமும் போடுங்கள். பெரும்பாலான கர்ப்பகால மாத்திரைகளில் அது இருப்பதால் அதற்குப் பிறகும் தொடரும். ஃபோலேட் என்ற இந்தச் சத்து இரத்த உற்பத்திக்குக் கடைசி வரை வேண்டும்.

முந்தைய குழந்தைக்கு அப்படிக் குறை இருந்தவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பத்து மடங்கோ அதற்கும் மேலோ, 4 அல்லது 5 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். 400 மைக்ரோகிராம் உள்ள பலசத்து மாத்திரையைப் பத்தாக விழுங்கி அந்த அளவைச் சேர்க்க நினைக்காதீர்கள். அதிலுள்ள வைட்டமின் ஏயும் பத்து மடங்கு உள்ளே போகும், அது கருவுக்குக் கெடுதல்.

தினமும் கீரையும் பயறும் சாப்பிடுகிறேன். அப்போதும் மாத்திரை வேண்டுமா?

ஆரம்ப வாரங்களில் வேண்டும். உணவில் உள்ள ஃபோலேட் மாத்திரையில் உள்ளதைப் போல முழுதாக உடலில் சேர்வதில்லை. சமைக்கும் தண்ணீரில் கரைந்தும் போய்விடும். கீரையை நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து அதை வடித்துக் கொட்டினால், நல்ல பங்கையும் சேர்த்துக் கொட்டுகிறோம். கொஞ்சத் தண்ணீரில் மூடிவைத்து வேகவைத்து, அந்தச் சாற்றோடு சாப்பிடுவது நல்லது. வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணத்தில் 350 மைக்ரோகிராம் அளவுக்கு ஃபோலேட் இருக்கிறது. அதனால் உணவையும் குறைக்க வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம்.

அசைவமே தொடாதவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைட்டமின் பி12 பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. பாலும் முட்டையும்கூட எடுக்காதவர்களுக்குத் தனியாக பி12 மாத்திரை கட்டாயம். ஃபோலிக் அமிலம் மட்டும் நிறையப் போனால் பி12 குறைபாட்டால் வரும் இரத்தசோகை மறைந்துகொள்ளும், நரம்புப் பாதிப்பு மட்டும் சத்தமில்லாமல் வளரும்.

10 வாரத்தில் 12.1 இருந்த ஹீமோகுளோபின் 24 வாரத்தில் 10.1 ஆகிவிட்டது. நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். முன்பு சுலபமாக ஏறிய மாடிப்படியில் இப்போது மூச்சு வாங்குகிறது. ஏன்?

இதில் பாதி இயல்பானது. கர்ப்பத்தில் இரத்தத்தின் திரவப் பகுதி ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. குழம்பில் தண்ணீர் சேர்த்ததுபோல, எண்ணிக்கை தன்னால் இறங்கும். அதனால்தான் இரத்தசோகை என்று சொல்லும் எல்லையை நடு மூன்று மாதத்தில் 10.5 என்றும், முதல் மற்றும் கடைசி மூன்று மாதங்களில் 11 என்றும் பலர் வைத்திருக்கிறார்கள். உங்களுடையது 10.5க்கும் கீழே இருப்பதால் இயல்பு என்று விட்டுவிட முடியாது.

மூச்சு வாங்குவதை வைத்து மட்டும் முடிவு செய்யவும் முடியாது, கர்ப்பமே மூச்சு வாங்கவைக்கும். ஃபெரிட்டின் என்ற பரிசோதனையைக் கேளுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பை அது காட்டும். 30க்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஐஸ் கட்டியை மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் வரும் விநோதமான அடையாளம் அது. அப்படி மென்றுகொண்டிருப்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் கதை உங்களுடையதைப் போலத்தான். 24 வாரம், ஹீமோகுளோபின் 10.1, ஃபெரிட்டின் 9. மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று காலியான அட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். நடந்துவிட்டு வந்து, காலைச் சாப்பாடு முடித்து, பால் தேநீரோடு, கால்சிய மாத்திரையையும் சேர்த்து ஒரே மடக்கில். மறக்காமல் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருந்தார். ஆனால் தேநீரில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். நடைக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற சுரப்பு உயர்ந்து, குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் வாசலைக் குறுக்கும். இந்தக் கடைசி விஷயம் பெரும்பாலும் கர்ப்பமில்லாத ஓட்டக்காரர்களிடம் பார்க்கப்பட்டது. ஆனாலும் நேரத்தை மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மருத்துவரிடம் பேசிவிட்டு, மருந்தின் அளவை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றினோம். எழுந்தவுடன் அரைத் துண்டு எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு இரும்பு மாத்திரை. அரைமணி கழித்து ஒரு பழம், பிறகு நடை. தேநீர் மாத்திரைக்குப் பின் ஒன்றரை மணி நேரம் தள்ளி. கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. நான்கு வாரத்தில் 10.9, 34 வாரத்தில் 11.4. மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறேன் என்று அவரே வந்து சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்பைக் கூட்டுவது தீர்வாகாது. தலசீமியா போன்ற பரம்பரைக் காரணமோ பி12 குறைவோ இருக்கலாம். அப்போது காரணத்தைத் தேட வேண்டும்.

உணவிலிருந்தே இரும்பைச் சரிசெய்ய முடியாதா?

குறைந்த பிறகு முடியாது, குறையாமல் பார்த்துக்கொள்வதற்கு உணவு உதவும். கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் தேவை. இறைச்சி, மீனில் உள்ள இரும்பு நன்றாக உள்ளே போகும். பயறு, கொண்டைக்கடலை, கீரையில் உள்ளது சிறு பங்குதான் போகும், அதே வேளையில் எலுமிச்சை, தக்காளி, கொய்யா, ஆரஞ்சு என வைட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் கூடுதலாகப் போகும். சேமிப்பு ஏற்கெனவே கரைந்தவருக்கு அதை நிரப்பும் வேகம் உணவில் கிடைக்காது.

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகிறது, மலச்சிக்கலும் வருகிறது. நிறுத்திவிடலாமா?

கறுப்பு நிறம் உறிஞ்சப்படாமல் வெளியேறும் இரும்பால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. தார் போலப் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலச்சிக்கலுக்கு நடையே பாதி மருந்து. மீதிக்குத் தண்ணீரும் நார்ச்சத்தும் வேண்டும். அப்படியும் தாங்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்ட மறுநாளும் ஹெப்சிடின் உயர்ந்தே இருப்பதால், லேசான குறைபாட்டில் அந்த முறை சிலருக்குப் பொருந்துகிறது. அட்டையில் மருந்தின் எடையும் அதிலுள்ள இரும்பின் எடையும் வேறு வேறு என்பதையும் பாருங்கள். 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்டில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம்தான். மருத்துவர் எழுதியது எந்தக் கணக்கு என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எளிது. முதல் காரணம் லிஸ்டீரியா என்ற கிருமி. மற்ற பெரும்பாலான கிருமிகள் குளிரில் அடங்கிப் போகும், இது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். சாதாரணமாகத் தெரியும் காய்ச்சல், உடம்புவலியோடு தாய்க்கு வந்துபோகலாம், ஆனால் கருக்கலைவும் குழந்தை இறந்து பிறப்பதும் அதனால் நேரலாம். சாப்பிட்டுச் சில வாரம் கழித்தும் வரும். அதனால் காய்ச்சாத பாலும் அதில் செய்த மென்மையான பாலாடைக்கட்டியும் வேண்டாம். பொட்டலத்தில் வரும் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளையும், புகையூட்டிய மீனையும் ஆவி பறக்கச் சூடாக்காமல் தொட வேண்டாம். முன்னாலேயே நறுக்கி வைத்த பழமும் வேண்டாம், முழுப் பழத்தை வாங்கிக் கழுவி நீங்களே நறுக்குங்கள். பச்சையாக முளைகட்டிய பயறு ஆரோக்கியம் என்று பயிற்சி செய்பவர்கள் விரும்பிச் சாப்பிடுவது. முளைவிடும் வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிகளுக்கும் தோதானவை, கழுவினாலும் போகாது. வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

பச்சை முட்டை, சரியாக வேகாத இறைச்சி, மண் ஒட்டிய காய்கறி ஆகியவற்றில் வேறு கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் இருக்கும். அவற்றுக்கும் வேகவைப்பதும் கழுவுவதும்தான் வழி.

அடுத்தது பாதரசம். இது சூட்டால் போகாது. சுறா, வாள்மீன், மார்லின், பெரிய கண் சூரை போன்ற, மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் அது சேர்ந்துகொண்டே போகும். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் மிகக் குறைவு. மீனையே நிறுத்திவிடாதீர்கள், வாரம் இரண்டு மூன்று வேளை சின்ன மீன் குழந்தையின் மூளைக்கு நல்லது.

ஈரல் இரும்புக்கு நல்லது என்று சொல்லித் தருவார்கள். இரும்பு இருப்பது உண்மைதான், ஆனால் ஒரு வேளை ஈரலிலேயே வைட்டமின் ஏ நாளொன்றுக்கான மேல் எல்லையைத் தாண்டிவிடும். கர்ப்பத்தில் விட்டுவிடுங்கள். மது எந்த மாதத்திலும், எந்த அளவிலும் வேண்டாம்.

நடைக்கு முன் காபி குடிக்கலாமா? புரதப் பொடி?

நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை, ஏறக்குறைய இரண்டு சிறிய கோப்பை காபி. தேநீர், கோலா, சாக்லேட் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இரும்பு மாத்திரைக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள்.

உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடிகளும் எனர்ஜி பானங்களும் வேண்டாம். ஒரு தடவையிலேயே 200ஐத் தொடுபவை உண்டு, மூலிகைச் சாறுகளின் அளவும் தெரியாது. புரதப் பொடியில் புரதம் தவறில்லை, சேர்க்கப்பட்ட மற்றவைதான் கவலை. டப்பாவைத் திருப்பி வைட்டமின் ஏயும் இனிப்பும் மூலிகையும் இருக்கின்றனவா என்று படியுங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். முட்டை, பால், பயறு ஒழுங்காகப் போகிறவருக்குப் பொடி தேவைப்படுவதும் அபூர்வம்.

குமட்டலில் எதுவுமே இறங்கவில்லை. அப்போதும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

இந்த வாரங்களில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடாதீர்கள், படுக்கும்போது போட்டால் பலருக்கு மாத்திரை வயிற்றில் நிற்கும். இரும்பு மாத்திரை குமட்டலைக் கூட்டினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சில வாரம் தள்ளிவைக்கலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை உலர்ந்ததாக ஏதாவது கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள். நடை முடியாத நாளில் நடக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் அடர்த்தியாகிவிட்டது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

நடக்கும்போது எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

இரத்தக் கசிவு, நீர் கசிவது, வயிறு விட்டுவிட்டு இறுகி வலிப்பது, நெஞ்சுவலி, நடக்கத் தொடங்கும் முன்பே மூச்சுத்திணறல், மயக்கம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும். இவற்றில் எது வந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நின்று, உட்கார்ந்து, யாரையாவது கூப்பிட்டு, நேராக மருத்துவரிடம் போங்கள்.